சித்தி பரீதாவின் வாயும் சரீபின் தங்கப் பேனையும்

என் தங்கச்சி சித்தி பரீதா வென்றெடுத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூதூர் இறங்குதுறையில் கூரையும் கதவும் பூட்டும் உள்ள ஒரு தேத்தண்ணிக் கடை. அதற்கு முன் பதினொரு மாரியை ஒரு சாக்குப் பந்தலுக்குக் கீழே ஓட்டியவள் அவள். திருகோணமலைக்குப் போகிற லோஞ்ச் என்கிற இயந்திரப் படகுக்குக் காத்து நிற்கும் ஆண்கள் ஐம்பது பேர் நடுவே, யாரும் கேளாமலே வாய் திறந்து பேசுகிற உரிமை. எதிராளியாக வந்த ஒருவனின் வாழ்நாள் மரியாதை. கடைசியாக, ஆறு எழுத்து.

இவளுக்கு எதிராக நின்றவையும் சில. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளை. உம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டில் பெண் பிள்ளை என்று இருந்தது அவள் மட்டும். ஆறு வயதில் அடுப்புக்குப் போனாள். நான் அவளுக்கு ஐந்து வயது மூத்த அண்ணன், எங்கள் பேச்சில் நானா. நான் நாலாம் வகுப்பு முடித்தேன். அவளுடைய மாப்பிள்ளை முஹம்மது தம்பிக்கு நெஞ்சு நோய். நல்ல காற்றுள்ள நாளில்தான் தோணி ஏறுவார். ஆகவே ஆப்பச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் துறைக்கு வந்தாள். அது 1968ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த ஒன்பதாம் நாள். நான்தான் பந்தலுக்குக் கம்பு நட்டேன், நான்கு கம்பு.

ஆப்பம் எல்லாரும் சுடுவார்கள். அவளிடம் சனம் வந்தது அவளுடைய வாய்க்காக.

எங்கள் பக்கத்தில் பெருமை காட்டுகிறவனைச் சொல்ல எத்தனை சொல் இருக்கிறது என்று ஒருநாள் நானும் லோஞ்ச் ஓட்டுகிற தம்பையா அண்ணனும் விரல் விட்டுப் பார்த்தோம். இரண்டு கை போதவில்லை. வெளியாள் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பார். ஒன்றல்ல. கையில் உள்ளதை வெளியே எடுத்துக் காட்டுகிறவன் "லெவல்" காட்டுகிறான். இல்லாததை இருப்பதாகச் சொல்கிறவன் "வெடி" விடுகிறான். உடம்பை வளைத்து நடந்து காட்டினால் "நெளிப்பு". வாய் திறக்காமல் மனதுக்குள்ளேயே பெரியவனாக இருந்து, சலாம் சொன்னால் தலையை மட்டும் அசைக்கிறவனுக்குக் "கெப்பர்". உடுப்பிலும் வாசத்திலும் இருந்தால் "சோக்கு". நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வருவது "எடுப்பு". காசுள்ளவனை முதலாளி என்போம். வயல் உள்ளவரைப் போடியார் என்போம். காசில்லாதவன் கால்மேல் கால் போட்டிருந்தால் அவனையும் அதே குரலில் "வாங்க முதலாளி" என்போம். அந்தக் குரலில்தான் விசயம் இருக்கிறது.

காட்டுகிற சாமான் காலத்துக்குக் காலம் மாறியது. வெள்ளைக்காரனின் கப்பல் படை திருகோணமலையில் இருந்த மட்டும் டொக்யாட் என்கிற கப்பல் பட்டறை வேலைக்காரரின் சப்பாத்து. பிறகு ரலி சைக்கிளும் தோளில் தொங்கும் றேடியோவும். எழுபத்தேழுக்குப் பிறகு அரபு நாட்டுக் கசெட் பெட்டியும் கூலிங் கிளாசும். சாமான்தான் மாறியது, சிரிப்பு மாறவில்லை.

அவளுடைய முதல் பலி நான்தான். 1956இல் டொக்யாட்டில் எனக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. முதற் சம்பளத்தில் மண்ணிறச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே லோஞ்சில் வந்து, கடற்கரை மணலால் வீட்டுக்கு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அரைச் சாண் புதைந்தது. பாதை சுற்றுத்தான், ஆனால் அந்த வழியில்தான் ஆட்கள் இருந்தார்கள். வாசலில் பரீதா நின்றாள், வயது பதினைந்து. என்னைக் கண்டதும் உள்ளே ஓடிப் பாயைக் கொண்டுவந்து மணலில் விரித்தாள்.

"நானா, இதால நடங்க. மணல் குத்தினா சப்பாத்துக்கு நோகும்."

வலைக்காரர் பதினாறு பேர் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அவள் உடனே தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு நெஞ்சில் ஒரு கீறலும் இல்லை. அது எப்படி என்று அப்போது விளங்கவில்லை. பிறகு துறையில் அவளைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

அவள் ஒரு நாளும் "பொய்" என்று சொல்ல மாட்டாள். பொய் என்றால் சண்டை வரும், சிரிப்பு வராது. ஆளை ஏத்துவாள். அவன் ஒரு படி ஏறினால் இவள் இரண்டு படி ஏத்துவாள். அவன் தன்னைப் புகழ்ந்ததைவிடக் கூடுதலாகப் புகழ்வாள். உச்சிக்குப் போனதும் ஒரு சின்னக் கேள்வி கேட்பாள். இறங்குவது அவன் பாடு. இன்னொன்றும் உண்டு. துறையில் தன்னைவிட வயது குறைந்தவர்களை அவள் "நீ" என்றுதான் பேசுவாள். திடீரென்று "நீங்க" என்றாளானால், சனம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பும். ஏத்தம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவளுக்குச் சட்டமும் இருந்தது. ஒருவன் காட்டுவதைப் பார்த்துச் சிரிக்கலாம், அவனிடம் இல்லாததைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கிழிந்த சாரத்தை, பசியை, பிள்ளையில்லாததை எடுக்கக் கூடாது. சிரித்து முடித்ததும் அவனுக்குத்தான் முதல் தேத்தண்ணி.

சனம் இதை ஏன் இவ்வளவு விரும்பியது? நான் படித்தவன் அல்ல, கண்டதைச் சொல்கிறேன். அந்தத் துறையில் எல்லாரும் ஒரே மழையில் நனைந்து ஒரே லோஞ்சுக்குத்தான் நிற்கிறோம். நடுவில் ஒருவன் வந்து தான் பெரியவன் என்றால், மற்றவர் ஒன்றுமே செய்யாமல் ஓர் அங்குலம் கட்டையாகிவிடுகிறார். திருப்பிச் சொல்ல அவரிடம் சாமான் இல்லை. சிரிப்பு இருக்கிறது. சிரித்ததும் எல்லாரும் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறார்கள், செலவும் இல்லை. இதுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பாதிக் காரணம்தான். மீதியை 1979 டிசம்பரில் கண்டேன்.

அதற்கு முன் பரீதாவின் வெடியைச் சொல்ல வேண்டும். ஓம், அவளுக்கும் ஒன்று இருந்தது! காதில் ஒரு பென்சில் செருகியிருப்பாள். மடியில் ஒரு கொப்பி. நாளைக்கு யாருக்கு எத்தனை ஆப்பம் என்று யாரும் சொன்னால் கொப்பியை விரித்து விறுவிறு என்று எழுதுவாள். "அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான், வாப்பா மறிச்சுப் போட்டார்" என்பாள். உண்மையில் அதில் எழுத்து ஒன்றும் இல்லை. தம்பையா அண்ணனுக்கு ஒரு சுக்கான், கச்சான் கடலை விற்கிற வள்ளியம்மாவுக்கு ஒரு கூடை, பக்கத்தில் கோடுகள். கொப்பியை யாரும் பார்க்க விடமாட்டாள். தெரிந்தவன் நான் ஒருவன். நான் மூச்சு விடவில்லை.

1979 ஓகஸ்டில் சரீப் வந்தான். ஸாலிஹா மாமியின் மகன், வயது இருபத்தேழு. அரபு நாட்டுக்குப் போய் எட்டு மாதத்தில் திரும்பியிருந்தான். கூலிங் கிளாஸ், கசெட் பெட்டி, கையில் பட்டையான மணிக்கூடு. வெள்ளைச் சேர்ட்டின் பையில் தங்க நிறத்தில் ஒரு பேனை. அதன் கொளுக்கி வெயிலில் மின்னி இறங்குதுறை மரத்தில் வெளிச்சம் ஓடும். சும்மா நின்றாலே அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான்.

பதினெட்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே தண்ணீரை விடப் பெற்றோல் மலிவு. அறைக்குள் குளிர் மெசின். அறையைவிடக் காரின் பின் சீற்று பெரிது. பதினெட்டாம் நாள் லோஞ்ச் துறையில் நின்றபடியே பிந்தியது. அவன் தொடங்கினான்.

"என்ட அரபி இரிக்காரே, நான் பக்கத்துல இல்லாட்டி ஒரு வாய் சாப்பிடமாட்டார். சரீப் எங்க, சரீப் எங்கண்டு கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுவார்."

பரீதா ஆப்பச் சட்டியை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க இல்லாட்டிச் சாப்பிடவே மாட்டாரா சரீப் தம்பி?"

கோப்பைகள் கீழே இறங்கின.

"ஒரு வாய் சாப்பிடமாட்டார் ராத்தா."

"எவ்வளவு பெரிய ஆளை இஞ்ச மணலில நிக்க வெச்சிருக்கிறம்! தம்பையாண்ணன், ஒரு கதிரை குடுங்க. அந்த மனிசனுக்கு மாளிகை இரிக்கு, எண்ணெய் இரிக்கு, ஆனா சோறு இறங்கிறது எங்கட மூதூர்ப் புள்ளையின்ட முகத்தைப் பாத்து. அப்படித்தானே?"

"ஓம் ராத்தா, அப்படித்தான்."

"நீங்க வந்து இண்டைக்குப் பதினெட்டு நாள்." அவள் குரல் இரக்கத்தால் நனைந்திருந்தது. "அல்லாவே, அந்த மனிசன் இன்னும் உசிரோட இரிக்கிறாரா?"

இறங்குதுறைப் பலகை அதிர்ந்தது! தம்பையா அண்ணன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கச்சான் கூடை சரிந்து கச்சான் உருண்டது. வள்ளியம்மா அதைப் பொறுக்கியெடுக்கவில்லை, சிரிப்பில் கண்ணே தெரியவில்லை. சரீபும் சிரித்தான். பரீதா அவனுக்கு முதல் தேத்தண்ணி நீட்டினாள். எல்லாம் சட்டப்படி நடந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பு அன்று முடியவில்லை. மற்ற நாள் அவன் ஆப்பம் கேட்டால் பின்னால் ஒருவன் சொல்வான்: "அரபிக்கும் ஒண்டு சுத்திக் குடுங்க." கிண்ணியாவிலிருந்து வந்த ஆள் கூடக் கேட்டான்: "எங்க, பட்டினி அரபியின்ட ஆள்?" அரபி அவனைக் கணக்கு முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார், அவன் அங்கே கோப்பை கழுவியவன், கசெட் பெட்டி கூட இரவல் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவனிடம் இல்லாததைப் பார்த்து நாங்கள் நான்கு மாதம் சிரித்திருக்கிறோம். அறியாமல் தன் சட்டத்தைத் தானே மீறியவள் பரீதா.

ஒரு நாள் காற்றுக்கு அவள் கொப்பி விரிந்துவிட்டது. சரீப் கிட்ட நின்றான். சுக்கானையும் கூடையையும் கோடுகளையும் கண்டுவிட்டான். கூலிங் கிளாசைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்த வருடம் ஊர்ச் சபை இறங்குதுறையில் பிரயாணிகள் நிற்கக் கொட்டகை போட்டு, அதன் மூலையில் ஆறடிக்கு எட்டடிக் கடை ஒன்றும் கட்டியது. வாடகை எல்லாருக்கும் ஒன்றுதான். கேட்டவர் இரண்டு பேர். பரீதா ஒன்று. சரீப் ஒன்று. அவன் பெரிய ஐஸ் பெட்டி வைத்துக் குளிர் சோடா விற்கப் போவதாகச் சொன்னான். கடை கிடைக்காவிட்டால் பரீதாவின் சாக்குப் பந்தலுக்கும் அங்கே இடமில்லை, கொட்டகைக்கு முன்னால் அடுப்பு எரிக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அந்த அடுப்பில் முஹம்மது தம்பியின் மருந்தும் ஐந்து பேரின் சோறும் இருந்தன.

டிசம்பர் 27, வியாழக்கிழமை. வாடைக் காற்று. கொட்டியாரக் குடா வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது, லோஞ்ச் வெளிக்கிடவில்லை. கொட்டகைக்குள் நாற்பத்து மூன்று பேர். நான் எண்ணினேன். சபையின் கிளாக்கர் பாலசிங்கம் ஐயா மேசை போட்டு விண்ணப்பத் தாள்களோடு இருந்தார். நல்ல மனிதர். சனத்தின் முன்னால்தான் கையெழுத்து வாங்கி முடிவு எடுக்க வேண்டும் என்று துறைக்கே வந்திருந்தார்.

"முதல்ல யார் வைக்கிறது கையெழுத்து?" என்றார்.

சரீப் முன்னுக்கு வந்தான். இத்தனை மாதமாக அவன் சேர்த்து வைத்தது அந்தக் குரலில் இருந்தது.

"ராத்தாக்கு முதலிடம் குடுப்பம் ஐயா. அஞ்சாம் வகுப்பு படிச்சவங்க. தாளை ஒருக்கா சத்தமா வாசிச்சுப்போட்டு, வடிவா ஒரு கையெழுத்து வைக்கட்டும். எல்லாரும் பாப்பம். நாங்க எல்லாம் கோழி கிண்டினது மாதிரித்தானே எழுதிறது, இல்லையா ராத்தா?"

ஏத்துகிறான்! அவளுடைய வித்தையை அவளுக்கே செய்கிறான். சனம் திரும்பியது. பரீதாவின் முகத்தில் இரத்தம் இல்லை. கைநாட்டு வைத்தாலும் சட்டப்படி செல்லும், அது எனக்குத் தெரியும். ஆனால் பதினொரு வருடம் ஊரின் வெடியெல்லாம் பிடித்தவளின் வெடி இந்த நாற்பத்து மூன்று பேர் நடுவில் வெடித்தால், அவள் இனி எந்த வாயோடு இந்தத் துறையில் இருப்பாள்? சரீப் கேட்டது கையெழுத்தை அல்ல, அந்த வாயை.

அப்போது காற்று ஒரு வேலை செய்தது. கொட்டகைக்குள் சுழன்று வந்து மேசையிலிருந்த மைப் போத்தலைக் கவிழ்த்துவிட்டது. கிளாக்கரின் வேட்டி நீலம். அவருடைய தொட்டு எழுதுகிற பேனையும் உருண்டு பலகை இடுக்கால் கடலில் விழுந்தது.

"யாரிட்டையாவது பேனை இருக்கோ?" என்றார் அவர். "பென்சில் ஏலாது."

பள்ளிக்கூட விடுமுறை. வாத்திமாரும் இல்லை. நாற்பத்து மூன்று பேர் மடியைத் தடவினார்கள். பிறகு எல்லாக் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது.

"சரீபிட்டத் தங்கப் பேனை இரிக்கே!"

"குடுடா மச்சான்! ராத்தா தங்கத்தால வைக்கட்டும்!"

சரீபின் கை பைக்குப் போனது. எடுக்கவில்லை, பையை மூடிப் பிடித்தது. கூலிங் கிளாசுக்குக் கீழே அவன் உதடு வெளுத்துவிட்டது. அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரீதாவுக்கு விளங்கியது. அவள் பிறகு சொன்னாள்: "நானா, என்ட கொப்பியை யாராவது கேட்டா நானும் அப்படித்தானே பிடிப்பன்."

அந்த இடத்தில் அவள் சும்மா நின்றிருந்தால் போதும். சனம் இன்னும் இரண்டு தரம் கேட்டிருக்கும். சரீப் அந்தக் கொட்டகையில் முடிந்திருப்பான், கடையும் அவளுக்கு வந்திருக்கும். அவளோ இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"பேனை வேணாம், விடுங்க! சித்தி பரீதா அம்மையார் எவ்வளவு பெரிய ஆளெண்டு உங்களுக்குத் தெரியாது!"

தன்னையே "அம்மையார்" என்றாள். கோப்பைகள் கீழே இறங்கின.

"அவங்கட கையெழுத்து லேசில வெளியில வராது. உலகத்தில ஒருத்தருக்கும் அது மாதிரி இல்லை. கள்ளக் கையெழுத்துப் போடவும் ஏலாது. பேனை, கண்ணாடி, வாசிக்கிற சோலி ஒண்டும் தேவையில்லை. எங்க போனாலும் கூடவே வரும். வேணுமெண்டாப் பாருங்க."

பெருவிரலை நீட்டினாள்.

சனம் அந்த விரலை எட்டிப் பார்த்தது.

"ஓம்," என்றாள், இப்போது மெதுவாக. "நான் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. அஞ்சாம் வகுப்பு என்ட வெடி. கொப்பியில இரிக்கிறது முழுக்கப் படம். தம்பையாண்ணன், நீங்க ஒரு சுக்கான். வள்ளியம்மாக்கா, நீங்க கூடை."

"கூடையோ?" என்றாள் வள்ளியம்மா. "என்னை நல்ல வடிவாக் கீறினனியா?"

அவ்வளவுதான், கொட்டகை உடைந்தது! ஆனால் அது அவளைக் கட்டையாக்கிய சிரிப்பு அல்ல. அடுத்து நடந்ததை நான் என் கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். தம்பையா அண்ணன் கையை உயர்த்தி மணிக்கூட்டைக் காட்டினார். பதின்மூன்று வருடமாக அதைப் பார்த்துப் பார்த்துத்தான் லோஞ்சை எடுப்பவர்.

"பிள்ளை, நீ சொன்னபடியால் சொல்லுறன். இது ஓடுறதில்லை. வாங்கின மூண்டாம் மாசமே நிண்டு போச்சு."

"அப்ப லோஞ்ச் எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது?"

"சனம் நிறைஞ்ச மணிக்கு."

ஒருவர் தன் தங்கப் பல் வெறும் பித்தளை என்றார். அன்ஸார் என்கிற வியாபாரி, கொழும்புக்கு மாதம் இரண்டு தரம் போவதாகச் சொல்கிறவர், திருகோணமலைக்குப் பக்கத்துக் கப்பல்துறைக்கு அங்கால் போனதே இல்லை என்றார். கிளாக்கர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இது சும்மா கண்ணாடிதான், மதிப்புக்குப் போட்டது" என்றார். நானும் சொன்னேன். என் சப்பாத்து இரண்டாம் கைச் சப்பாத்து என்று, இருபத்துமூன்று வருடம் கழித்து!

அன்றுதான் மீதிக் காரணம் விளங்கியது. பெருமைக்காரனைப் பார்த்து நாம் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பது, நம் மடியில் ஒரு வெடி ஒளிந்திருப்பதாலும்தான். இன்றைக்கு மாட்டியது நானில்லை என்கிற ஆறுதல் அந்தச் சிரிப்பில் பாதி.

பெருவிரலை மையில் தோய்த்தாள், மேசையில் சிந்திக் கிடந்த அதே மையில். தாளில் வைத்தாள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். ஈர்க்குக் குச்சி ஒன்றைச் சிந்திய மையில் தொட்டு எழுதினேன்.

"இனிச் சரீப்," என்றார் கிளாக்கர். "உங்களிட்டத்தான் பேனை இருக்குதே."

சரீபின் கை இன்னும் பையின் மேல்தான். பரீதா இடையில் புகுந்தாள்.

"ஐயா, நீங்க பெரிய பிழை விடுறீங்க. சரீப் தம்பி நீங்களும் யோசிக்காம நிக்கிறீங்க. உங்கட ஐஸ் பெட்டி எவ்வளவு பெரிசு?"

அவன் திகைத்தான். "பெ... பெரிசு ராத்தா."

"இந்தக் கதவு ரெண்டரை அடி. உங்கட பெட்டி இதால போகுமா? உங்கட மாதிரி ஆள் இந்தக் கோழிக் கூட்டுக்குள்ள இரிந்தா உங்கட பேருக்கு என்ன மரியாதை? நீங்க கேட்டா நிலாவெளியில கல்லுக் கடையே குடுப்பாங்களே."

சனம் சிரிக்கத் தயாராக நின்றது, அந்தச் சின்னக் கேள்விக்காக. உச்சிக்கு ஏத்திவிட்டாள், இனி இறக்குவாள். கேள்வி வரவில்லை. அவனை ஏத்தி, ஏத்திய இடத்திலேயே ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றாள்.

சரீப் அவளைப் பார்த்தான். கூலிங் கிளாசைக் கழற்றிப் பார்த்தான்.

"ஓம் ஐயா," என்றான். "கதவு சின்னன்தான். நான்... வேற இடம் பாக்கிறன். ராத்தாக்கே விட்டுத்தாறன்."

கைதட்டினார்கள். சிலர் அதையும் வெடி என்று நினைத்துச் சிரித்தார்கள். பரவாயில்லை.

காற்று அடங்கி லோஞ்ச் போன பிறகு அவன் பந்தலடியில் வந்து நின்றான். அவள் தேத்தண்ணி ஊற்றினாள். நான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கண்டீங்களா ராத்தா?"

"என்னத்த?"

"பேனைய."

"எந்தப் பேனை? சீனி காணுமா உனக்கு?" என்றாள். "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பிறகு அரபியைப் பற்றியும் கோப்பை கழுவியதைப் பற்றியும் தானாகவே சொன்னான். அவள் ஆப்பச் சட்டியைப் பார்த்தபடியே, "நான் அந்தக் கதை சொன்னது பிழை, தம்பி" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. அடுத்த மாதம் தம்பையா அண்ணனிடம் சொல்லி அவனை லோஞ்சில் ரிக்கற் கிழிக்கிற வேலைக்குச் சேர்த்தாள். "பட்டினி அரபி" என்று யாரும் வாயெடுத்தால் அவனுக்கு அன்று ஆப்பம் கிடையாது.

புதுக் கடைக்குப் போன முதல் கிழமை அவள் என்னிடம் கேட்டாள்: "நானா, என்ட பேரை ஒருக்கா எழுதுங்க." சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக் கொடுத்தேன். சி, த், தி, ப, ரீ, தா. ஆறு எழுத்து. அதை அடுப்புக்கு மேலே செருகினாள். ஆப்பம் அடுக்கி வைக்கிற பலகையில் அரிசி மாவைத் தூவி, அகப்பைக் காம்பால் கீறுவாள், தட்டுவாள், திரும்பக் கீறுவாள். "ப" ஒரு நாளில் வந்தது. "சி" ஒரு மாதம். "ரீ" நோன்பு கழிந்தும் வரவில்லை. தலையில் சுழி, கீழே வளைவு.

"இந்த எழுத்துக்கு எவ்வளவு நெளிப்பு, பாத்தீங்களா?" என்பாள். "நேரா நிக்கத் தெரியாது. அரபு நாட்டால வந்திரிக்கும்."

சரீப் சிரிப்பான். அவனைப் பார்த்துத்தான் சொன்னாள், அவனும் அதற்காகத்தான் அங்கே நின்றான்.

அடுத்த வருடம் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நாள் வந்தது. கிளாக்கர் ஐயா மேசை போட்டார், இந்த முறை மைப் போத்தலுக்கு மேல் கல் வைத்தார். கொட்டகையில் ஐம்பத்தொரு பேர். பரீதா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், மூன்று தரம். பெருவிரலுக்கு மைப் பெட்டியை நகர்த்தினார் ஐயா. அவள் தலையை ஆட்டினாள்.

சரீப் முன்னுக்கு வந்தான். பையிலிருந்து அந்தத் தங்க நிறச் சாமானை எடுத்து எல்லாருக்கும் தெரியப் பிடித்தான். அது மூடி மட்டும். கீழே ஒன்றுமில்லை, ஓட்டை.

"இதுதான் என்ட தங்கப் பேனை," என்றான். "அங்க குப்பையில கிடந்தது. ஒண்டரை வருசம் உங்க எல்லாருக்கும் காட்டினன்."

கொட்டகை அதிர்ந்த சிரிப்பு குறைய முன்னம், மற்றப் பையிலிருந்து ஒரு நீலப் பேனையை எடுத்து அவளிடம் நீட்டினான். "இதுல மை இரிக்கு ராத்தா. நான் காலையிலயே எழுதிப் பாத்தன்."

அவள் வாங்கினாள். குனிந்தாள். சி போட்டாள். த் புள்ளி வைத்தாள். தி. ப. ஐம்பத்தொரு பேரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். ரீ வந்தது, சுழி, வளைவு, கொஞ்சம் நெளிந்துதான், ஆனால் வந்தது. தா. நிமிர்ந்து பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளைக் கிளாக்கர் பக்கம் திருப்பினாள். நான் மேசையில் குனிந்து, அவள் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் திகதி எழுதினேன்: 1980 டிசம்பர் 29, திங்கட்கிழமை.